4,200 ரூபாய்க்குப் போலி ஏர் ஃபோர்ஸ் 1: விற்றவர் அனுப்பிய படத்திலேயே தடயம் இருந்தது

தம்பிக்குக் கோயம்புத்தூரில் முதல் வேலை கிடைத்தபோது அவன் ஆசைப்பட்ட ஷூவை வாங்கித் தரணும் என்று நினைத்தேன். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே ஷூ மேல்தான் கண். நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1, முழு வெள்ளை, யு.கே. அளவு 8. கடையில் ஏழாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆன்லைனில் ஒருவர் 4,200 ரூபாய்க்குப் போட்டிருந்ததைப் பார்த்தேன். "அக்கா, இது செய்யாறு ஃபேக்டரி சர்ப்ளஸ், ஒரிஜினல் பீஸ், ஏற்றுமதிக்குப் போக வேண்டியது" என்றார். செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ செய்கிற தொழிற்சாலை இருப்பது உண்மைதான், எங்கள் உறவுக்காரப் பெண்ணே அங்கே வேலை பார்த்திருக்கிறாள். அதனால் அந்தக் கதை எனக்கு உடனே நம்பும்படி இருந்தது. பாதி உண்மை கலந்த பொய்யைச் சந்தேகப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

நான் ஒன்றும் கேட்காமல் பணம் போடவில்லை. படம் அனுப்பச் சொன்னேன். ஆறு படங்கள் வந்தன. ஷூ இரண்டு பக்கமிருந்து, மேலிருந்து, அடிப்பாகம், பெட்டி, பெட்டியின் லேபிள். லேபிளில் CW2288-111 என்று இருந்தது. அதைத் தேடினேன், ஆண்களுக்கான முழு வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 தான் வந்தது. யு.கே. 8, யூரோ 42.5, 27 சென்டிமீட்டர் என்று அளவுகளும் நைக்கியின் அட்டவணையோடு சரியாகப் பொருந்தின. சரி என்று யு.பி.ஐ.யில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் வலது காலின் முன்பக்கம், சுண்டுவிரல் பக்கமாக, சோல் வாய் பிளந்தது. தம்பி ஊருக்கு வந்தபோது, "ஒரிஜினல்னா இப்படி ஆகாதே அக்கா" என்று மெல்லச் சொன்னான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாக அதே இடம். தைத்துத் தரச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பிரிஞ்ச தையல் எங்கம்மா? தையலே போடலியே, வெறும் பேஸ்டிங்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சோலைச் சுற்றி வெள்ளைத் தையல் வரிசை கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறதே என்றேன். ஊசியை எடுத்து அந்த வரிசையில் ஒரு தையலின் அடியில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அது நூலே இல்லை. ரப்பரை அச்சில் வார்க்கும்போதே தையல் மாதிரி மேடு மேடாக வார்த்திருக்கிறார்கள்.

உண்மையான ஏர் ஃபோர்ஸ் 1 இல் அந்த இடம் எப்படி இருக்கும் என்று அப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன். அதன் சோல் ஒரு கிண்ணம் மாதிரி. மேல்தோலை அந்தக் கிண்ணத்துக்குள் இறக்கி ஒட்டுகிறார்கள், ஆனால் பசையோடு விடுவதில்லை. கிண்ணத்தின் சுவரில் ஒரு பள்ளம் ஓடும், அந்தப் பள்ளத்துக்குள் நிஜமான தடித்த நூலால் சுவரையும் மேல்தோலையும் சேர்த்துத் தைக்கிறார்கள். நடக்கும்போது கால் மடங்குகிற இடத்தில் பசை விட்டாலும் தையல் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு வந்ததில் பிடிக்க நூலே இல்லை, அதனால்தான் சரியாக அந்த மடிப்பில் பிளந்தது.

வீட்டுக்கு வந்து விற்றவர் அனுப்பிய பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலேயே தெரிந்தது! நிஜ நூல் என்றால் ஒவ்வொரு தையலும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஊசித்துளை இருக்கும், நூல் அந்தத் துளைக்குள் அமுங்கி இறங்குவதால் ஒரு சின்ன நிழல் விழும், நூலின் முறுக்குக் கோடுகள் தெரியும், ரப்பரின் பளபளப்பும் நூலின் மங்கலும் வேறு வேறாக இருக்கும். போலியில் எல்லா மேடும் ஒரே உயரம், ஒரே பளபளப்பு, துளையே கிடையாது. ஆனால் வெள்ளை ஷூவை வெளிச்சத்தில் எடுத்தால் படம் வெளுத்துப்போய் இது எதுவும் தெரியாது. எனக்கு வந்ததில் ஷூவைக் காட்டிய நான்கு படத்தில் மூன்று அப்படி வெளுத்தவைதான். அதனால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நுணுக்கமெல்லாம் கரைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வரும்.

தையலில் இன்னொரு இடமும் பார்க்கலாம். மேல்தோலில் இரட்டைத் தையல் ஓடும் இடங்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, வளைவிலும் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் நேர்க்கோட்டில் ஒழுங்காக வந்த இரண்டு கோடு முன்பக்க வளைவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றது. அதே சமயம் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் பசை தெரிகிறது என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லட்சக்கணக்கில் செய்கிற ஷூ அது, அசலிலும் பிசிறு இருக்கும்.

அடுத்து சோல். ஏர் ஃபோர்ஸ் 1 முதலில் 1982 இல் கூடைப்பந்துக்காக வந்த ஷூ. ஒரு காலை ஊன்றிச் சுழல்வதற்காகப் பாதத்தின் முன்பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இருக்கும், குதிகால் பகுதியிலும் அப்படியே, விரல் நுனி ஓரத்தில் சின்ன நட்சத்திரங்கள். போலியிலும் இதெல்லாம் இருக்கும், இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், நான் அப்படித்தான் பார்த்தேன். நட்சத்திரத்தின் முனை கூர்மையாக இருக்கிறதா, வட்டக் கோடுகளின் விளிம்பு வெட்டினாற்போல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையதில் நட்சத்திரங்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கி இருந்தன, வட்டங்கள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தன. இதற்குப் படம் நேராக மேலிருந்து எடுத்ததாக இருக்கணும். சாய்த்து எடுத்த படத்தில் நல்ல வட்டமும் முட்டை மாதிரிதான் தெரியும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போட்டுத் தேய்ந்த ஷூ என்றால் தேயாத நடுப்பகுதியை மட்டும் பாருங்கள்.

இனி லேபிள். நான் மிகவும் நம்பியதும் அதுதான், என்னை மிகவும் ஏமாற்றியதும் அதுதான். பெட்டி லேபிள் எல்லா வகையிலும் சரியாக இருந்தது, ஏனென்றால் சரியான லேபிளை அப்படியே நகல் அச்சடிப்பது பெரிய வேலையே இல்லை. அசல் ஷூவின் காலிப் பெட்டியை வாங்கி அதற்குள் போலியை வைத்து விற்பதும் உண்டு. ஆகவே பெட்டி லேபிள் சரியாக இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. தப்பாக இருந்தால் மட்டும்தான் அது பேசும்.

நான் கேட்காமல் விட்டது ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணி லேபிளின் படத்தை. அவரும் அனுப்பவில்லை. செருப்பு தைக்கிற அண்ணன் நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அதை முதல்முறையாகப் படித்தேன். அங்கே இருந்த எண் 315122-111. இதைத் தேடினாலும் முழு வெள்ளை ஏர் ஃபோர்ஸ் 1 தான் வரும், ஏனென்றால் அதே ஷூவுக்கு நைக்கி முன்பு கொடுத்திருந்த எண் அது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல எண்கள். ஆனால் ஒரே ஜோடியில் பெட்டியில் ஒன்று, நாக்கில் ஒன்று என்று இருக்கக் கூடாது, இரண்டும் ஒன்றாகவே இருக்கணும். போதாததற்கு நாக்கில் யு.கே. 8 பக்கத்தில் யூரோ 42 என்று போட்டிருந்தது. நைக்கியின் ஆண்கள் அட்டவணையில் யூரோ 42 என்பது யு.கே. 7.5, அதாவது 26.5 சென்டிமீட்டர். கடைசி வரியில் "வியட்நாமில் தயாரிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் இருந்தது. செய்யாறு சர்ப்ளஸ் என்று என்னிடம் சத்தியம் செய்த ஷூ!

இரண்டு லேபிளும் ஒரே படத்தில் வரும்படி கேளுங்கள். பெட்டியை நிறுத்தி, அதன் முன்னால் ஷூவின் நாக்கை மடக்கிப் பிடித்து, பக்கத்தில் ஒரு தாளில் அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வேறு யாருடைய ஷூவின் படத்தையோ எடுத்து அனுப்புகிறவரால் இதைச் செய்ய முடியாது. இந்தியக் கடையில் வாங்கியது என்று சொன்னால் பெட்டியில் அதிகபட்ச விற்பனை விலையும் இறக்குமதி செய்தவர் அல்லது தயாரித்தவர் முகவரியும் உள்ள ஸ்டிக்கரையும் சேர்த்துக் கேட்கலாம்.

நான் இந்த முரண்பாடுகளையெல்லாம் வரிசையாக எழுதி விற்றவருக்கு அனுப்பினேன். "சர்ப்ளஸ்ல அப்படித்தான் அக்கா கலந்து வரும்" என்று ஒரு பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930 ஐ அழைத்துச் சொல்லி, cybercrime.gov.in இல் புகாரும் பதிந்திருக்கிறேன். அதற்கு அந்த ஆறு படங்களும் உரையாடலும் பரிவர்த்தனை எண்ணும் தேவைப்பட்டன, நல்லவேளையாக எதையும் அழிக்கவில்லை. பணம் இன்னும் வரவில்லை.

போன வாரம் தம்பியே ஒரு பழைய ஜோடியைப் பார்த்து வைத்திருந்தான், திருச்சியில் ஒரு மாணவர் விற்பது, 3,500 ரூபாய். நான் சொன்ன மாதிரியே படங்கள் கேட்டான். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் எடுத்து அனுப்பினான். பெட்டியிலும் நாக்கிலும் ஒரே எண், அளவுகள் பொருந்தின, பள்ளத்தில் ஊசித்துளைகள் தெரிந்தன, நட்சத்திரங்கள் கூர்மை. ஆனாலும் படத்தில் தப்பு தெரியவில்லை என்பதுதான் இதன் அர்த்தம், அசல் என்று ஆகிவிடாது. நல்ல நகல்களில் நிஜ நூலால் தைத்தே செய்கிறார்கள். அதனால் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி திருச்சிக்குப் போகிறான், கையில் வாங்கி அந்தப் பள்ளத்தில் ஊசியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம்.