விமான ஆப் சலுகைகளும் என் கணக்கு நோட்டும்: இரண்டரை வருட அனுபவம்

2023 ஜூனில் என் மகள் வேலைக்காக மும்பை போனாள். அதுவரை எங்கள் வீட்டில் விமானம் என்றால் யாராவது வெளிநாடு போகும்போது கோவை பீளமேடு விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்புவதுதான். பெருந்துறையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போனால் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிறது. என் மாமியாரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. அதனால் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கோவையிலிருந்து விமானம் என்று ஆகிவிட்டது. மகள் என் போனில் மூன்று விமான நிறுவனங்களின் ஆப்பைப் போட்டு, மூன்றிலும் உறுப்பினராகச் சேர்த்து, சலுகை மெயில்களுக்கும் பதிவு செய்து கொடுத்தாள்.

முதல் அடி அதே வருடம் செப்டம்பரில் விழுந்தது. "1,999 முதல், இன்று நள்ளிரவு வரை மட்டும்" என்று ஒரு மெயில். ஜனவரியில் போகலாம் என்றிருந்தோம். இரவு ஒன்பதரைக்கு மெயிலைப் பார்த்ததும் பதறிப் போய் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, இன்னிக்கு ராத்திரியோட முடியுதாமுங்க" என்றேன். "அப்பப் போட்டுரு" என்றார். நாங்கள் கேட்ட தேதிக்கு 1,999 இல்லை, 5,150 காட்டியது. பணம் கட்டும் பக்கத்தில் பத்து நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கட்டி முடித்த பிறகுதான் அது 'லைட்' டிக்கெட், கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டும்தான் என்று தெரிந்தது. மகளுக்கு நாட்டுச்சர்க்கரை, கம்பு, மிளகாய்த்தூள் என்று எடுத்துப் போகிற எங்களுக்கு அது எப்படிப் போதும்? 15 கிலோ பெட்டிக்குத் தனியாகக் கட்டியதில் ஆளுக்கு 7,200 தாண்டிவிட்டது. பெட்டியோடு சேர்த்தே 5,900-க்கு வேறொரு நிறுவனத்தில் அதே நாளில் டிக்கெட் இருந்தது. நான்கு நாள் கழித்து, எங்களுக்கு விற்றவர்களிடமிருந்தே "சலுகை நீட்டிப்பு" என்று மெயில் வந்தது.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். புதன்கிழமைதோறும் ஐந்து நிமிடம், அன்றிலிருந்து ஆறு வாரம் தள்ளி வருகிற ஒரு சனிக்கிழமைக்குக் கோவை – மும்பை விலையைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். முகப்பில் காட்டும் விலையை எழுதுவதில்லை. ஓர் ஆளுக்கு, 15 கிலோ பெட்டியோடு, பணம் கட்டும் பொத்தானுக்கு முந்தைய பக்கத்தில் என்ன தொகை வருகிறதோ அதுதான் நோட்டில் ஏறும். எட்டு மாதத்தில் ஒரு தெளிவு வந்தது. எங்கள் வழித்தடத்தில் சாதாரண நாளில் அந்தத் தொகை 4,700-க்கும் 6,200-க்கும் நடுவில்தான் ஆடுகிறது. தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களில் 9,000-ஐத் தாண்டும். ஆகவே மெயிலில் 8,500 என்று எழுதி அடித்துவிட்டுப் பக்கத்தில் 5,400 என்று போட்டிருந்தால் எனக்கு அது தள்ளுபடியே இல்லை, சாதாரண விலை. அடித்த விலை அவர்கள் வைத்தது. நோட்டில் இருப்பது நான் பார்த்தது.

சரி, ஆப்பில் மட்டும் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடிக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. டிக்கெட் தொகையில் அடிப்படைக் கட்டணம் ஒரு பங்குதான். அதன்மேல் விமான நிலையக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறும். தள்ளுபடிக் குறியீடு பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான் கழியும். ஒரு தடவை மொத்தம் 4,550, அதில் அடிப்படை 3,600. நான் 455 குறையும் என்று நினைத்தேன், குறைந்தது 360. அப்புறம் கடைசிப் பக்கத்தில் 'வசதிக் கட்டணம்' என்று ஆளுக்கு 399 ஏறியது. அதாவது தள்ளுபடி போட்டும் 4,589. குறியீடு இல்லாமலும் முகப்பில் இருந்தது 4,550தான். வசதிக் கட்டணம் ஓர் ஆளுக்கு, ஒரு வழிக்கு என்று கணக்கு. நான்கு பேர் போய்வர அது எட்டு தடவை ஏறும்.

இன்னொரு நிறுவனத்தில் இது நேர் எதிராக இருந்தது. உறுப்பினராக உள்நுழைந்து ஆப்பில் போட்டால் வசதிக் கட்டணமே கிடையாது. தள்ளுபடி என்று பெரிதாக எதுவும் எழுதவில்லை, ஆனால் எனக்கு உண்மையில் மிச்சமானது அங்கேதான். இப்போது ஆப் விலை, உள்நுழையாத வலைத்தள விலை இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து, ஒரே விமான எண், ஒரே வகை டிக்கெட் என்று உறுதி செய்துகொண்டு கடைசித் தொகையை ஒப்பிடுகிறேன். இந்த இரண்டரை வருடத்தில் ஆப் எனக்குக் கொடுத்த வித்தியாசம் ஆளுக்கு 200 முதல் 400 ரூபாய் வரைதான். அதைத் தாண்டி எங்கேயாவது காட்டினால், டிக்கெட் வகை மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

"இந்த விலையில் 2 இருக்கைகளே உள்ளன" என்பதை முதலில் முழுப் பொய் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒரே விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகளையே பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்த அடுக்கின் விலை வரும். விமானத்தில் நூறு இருக்கை காலியாக இருந்தாலும் மலிவான அடுக்கில் இரண்டுதான் மிச்சம் என்பது நிஜமாக இருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது.

2025 மே மாதம் நான், வீட்டுக்காரர், மாமியார், மகன் என்று நான்கு பேர் போக வேண்டியிருந்தது. நான்கு பேருக்குத் தேடினால் ஆளுக்கு 6,240. ஒருவருக்கென்று தேடினால் 5,310. இருவருக்கும் 5,310. மூவர் என்றதும் மறுபடி 6,240. கீழ் அடுக்கில் இரண்டு இருக்கை இருந்தது நிஜம். ஆனால் நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்டால், நான்கு பேருக்கும் இடமுள்ள அடுக்கின் விலையை எல்லோருக்கும் போட்டுவிடுகிறது. அதனால் இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டேன். 24,960 ஆக வேண்டியது 23,100-ல் முடிந்தது, 1,860 ரூபாய் மிச்சம். எந்தத் தள்ளுபடிக் குறியீடும் எனக்கு ஒரே பயணத்தில் அவ்வளவு கொடுத்ததில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரித்துப் போட்டால் இரண்டு பிஎன்ஆர். விமான நேரம் மாறினால் இரண்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. ஆகவே மகனை என்னோடும், மாமியாரை வீட்டுக்காரரோடும் ஜோடி சேர்த்தேன். சிறு பிள்ளையோ வயதானவரோ தனி பிஎன்ஆரில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

"37 பேர் இதைப் பார்க்கிறார்கள்" என்று சில முன்பதிவுத் தளங்கள் காட்டுவதை மட்டும் நம்மால் எந்த வழியிலும் சோதிக்க முடியாது. அதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. இல்லாத தட்டுப்பாட்டையும் இல்லாத கூட்டத்தையும் காட்டி அவசரப்படுத்துவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகவே சொல்கின்றன. மொத்தம் 13 வகை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், விலையைக் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும் அதில் அடங்கும். கேட்காத பயணக் காப்பீட்டுக்கு என்னிடம் ஒரு முறை பணம் பிடித்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், பணம் திரும்பி வந்தது.

அந்தப் பத்து நிமிடக் கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் தேர்ந்த இருக்கையைப் பணம் கட்டும் வரை பிடித்து வைக்கும் நேரம்தான் அது. சலுகை முடிகிற நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேண்டுமென்றே பதினோரு தடவை அதை ஓடி முடிய விட்டு மறுபடி தேடியிருக்கிறேன். ஒன்பது தடவை அதே விலை, ஒரு தடவை 200 கூடியது, ஒரு தடவை குறைந்தது. அதனால் கடிகாரம் ஓடும்போதே எழுந்து போய் லீவு, தேதி எல்லாம் கேட்டுவிட்டு வருகிறேன்.

உண்மையிலேயே அன்றிரவோடு முடிகிற சலுகையும் உண்டு. அதற்கு 2024 ஆகஸ்டில் எனக்குக் கைகொடுத்தது, விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. அப்போதிருந்த விதிப்படி, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், டிக்கெட் போட்ட 24 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம். அக்டோபர் பயணத்துக்கு வெள்ளி இரவு போட்டேன். சனி மதியம் மகள் போன் செய்து, "அம்மா, அந்த வாரம் லீவு கிடைக்காது போல" என்றாள். உடனே ரத்து செய்தேன். அந்தப் பக்கத்தில் 'கிரெடிட்டாக வைத்துக்கொள்' என்பது முன்கூட்டியே டிக் ஆகியிருந்தது. அதை எடுத்துவிட்டு, கட்டிய கணக்குக்கே திருப்பு என்று மாற்றினேன். ஆறு நாளில் பணம் வந்தது, வசதிக் கட்டணம் மட்டும் வரவில்லை. விதிகள் மாறும் என்பதால் போடுகிற அன்றைக்கு நிபந்தனைப் பக்கத்தை ஒரு தடவை படித்துக்கொள்கிறேன்.

உறுப்பினராகச் சேர்ந்தால் கிடைக்கும் முதல் பயணத் தள்ளுபடியில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இனிஷியல். படிவம் குடும்பப் பெயர் கேட்கும். மாமியார் கணக்கில் இனிஷியலை மட்டும் போட்டோம், டிக்கெட்டில் அவருடைய அப்பா பெயரை முழுதாகப் போட்டோம். இரண்டும் ஒத்துப்போகாமல் புள்ளிகள் ஏறவில்லை, சலுகையும் விழவில்லை. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டிலும் போட்ட பிறகுதான் சரியானது. அந்தச் சலுகை ஓர் ஆளுக்கு ஒரே தடவைதான், பெரும்பாலும் சில மாதத்தில் காலாவதியாகும். பயணத் தேதி முடிவான பிறகு சேர்வதுதான் நல்லது.

மெயில்கள் எல்லாம் இப்போது தனி முகவரிக்குப் போகின்றன. புதனும் சனியும் மட்டும் திறப்பேன். போன வாரம் ஒன்று வந்தது, "1,899 முதல், 48 மணி நேரம்". மார்ச் 14-க்குப் பார்த்தேன், பெட்டியோடு கடைசித் தொகை 4,480. நோட்டில் இதுவரை இருந்த மிகக் குறைந்த தொகை 4,700. விடிகாலை விமானமா என்றும் பார்த்தேன், ஏனென்றால் அதற்குப் பெருந்துறையிலிருந்து நடுராத்திரியில் டாக்ஸி பிடித்தால் மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும். மதியம் புறப்படுகிற விமானம். மாமியாரிடம், "போலாமுங்களா அத்தை?" என்று கேட்டேன். "போலாம் கண்ணு, ஆனா சன்னலோரமாப் போடு" என்றார். இருவருக்குப் போட்டுவிட்டேன்.