கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் திருடன் உள்ளேயே இருந்தான்: போலி உள்நுழைவுப் பக்கம் பற்றிய எச்சரிக்கை

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை என் அண்ணன் நடத்துகிறார். வாடிக்கையாளர்களுடன் அவருடைய கணக்கு வழக்கு முழுவதும் ஒரே ஜிமெயில் முகவரியில்தான் நடக்கிறது. அந்த முகவரியின் கடவுச்சொல் ஒரு போலிப் பக்கத்தில் பறிபோனது. அன்றே அதை மாற்றியும் விட்டோம். ஆனாலும் விஜயவாடாவில் உள்ள ஒரு மொத்த வியாபாரி எங்களுக்கு அனுப்பவேண்டிய ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வேறொருவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று நம்பியிருப்பவர்கள் அது எப்படி நடந்தது என்பதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்னஞ்சல் வந்தது எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு லாரி ஏஜென்டின் உண்மையான முகவரியிலிருந்து. அவருடைய கணக்கு அதற்கு முன்பே களவு போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே அனுப்பியவரின் முகவரியைச் சரிபார்த்திருந்தாலும் அதில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. நிலுவைப் பட்டியல் என்று சொல்லி வந்த இணைப்பைத் தொட்டதும், மங்கலாகத் தெரியும் ஒரு பில்லின் படமும், அதன் மேல் கூகுள் சின்னத்துடன் ஓர் உள்நுழைவுப் பெட்டியும் வந்தன. பெட்டியில் அண்ணனின் மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. நம் முகவரியை அந்தப் பக்கம் அறிந்திருக்கிறதே, அப்படியானால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் முகவரியை இணைப்பிலேயே ஒட்டி அனுப்புவது இந்த மோசடியில் வழக்கமான வேலை. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் தவறு என்று காட்டியது. மறுபடி கொடுத்ததும் கூகுளின் உண்மையான பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது.

பக்கத்தின் முகவரி ஏறத்தாழ இந்த அமைப்பில் இருந்தது:

```
https://accounts.google.com.docs-view.example/signin
```

கைபேசித் திரையின் குறுகிய பட்டையில் முதல் பாதி மட்டும் தெரிந்தால் இது கூகுள் என்றே தோன்றும். இணைய முகவரியின் உரிமையாளர் யார் என்பதை, `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படித்துத்தான் அறியவேண்டும். இங்கே அந்தப் பகுதி `docs-view.example`. அதற்கு முன்னால் நிற்கும் `accounts.google.com` என்பது அந்த உரிமையாளர் தன் விருப்பப்படி சேர்த்துக்கொண்ட வெறும் எழுத்துகள். பூட்டுச் சின்னம் இருந்ததே என்று பலர் கேட்கிறார்கள். நாம் அனுப்புவதை இடைவழியில் எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்வதில்லை. போலிப் பக்கங்களும் அதை எளிதாகப் பெற்றுவிடுகின்றன.

சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை பரவலாக இருக்கிறது. தவறானதை ஏற்றுக்கொண்டால் பக்கம் போலி என்பது உறுதி. ஆனால் மறுத்துவிட்டால் அது உண்மையானது என்று முடிவு கட்டக்கூடாது. எங்களுக்கு நடந்ததுபோல முதல் முறை எதைக் கொடுத்தாலும் மறுக்கும்படி செய்யப்பட்ட பக்கங்கள் உண்டு. நாம் தட்டச்சு செய்வதை அந்த நொடியே உண்மையான தளத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் பக்கங்களும் உண்டு. இந்த இரண்டாம் வகை, ஓடிபியையும் அதேபோல வாங்கிக் கடத்திவிடும். உலாவியில் சேமித்த கடவுச்சொல் வழக்கமாகத் தானாக நிரம்பும் ஒருவருக்கு, அது நிரம்பாமல் நிற்பதே நல்ல எச்சரிக்கை; உலாவி பார்ப்பது தளத்தின் முகவரியைத்தான், தோற்றத்தை அன்று.

அண்ணனுக்குச் சந்தேகம் வந்து உடனே கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்து, பணமும் வாங்கிக்கொண்டு, "இனி ஒன்றும் பயமில்லை அண்ணா" என்று சொல்லி அனுப்பினார். வேறு எதையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்த அலட்சியம்தான்.

கடைக்குப் போவதற்குள் கிடைத்த நேரத்தில் திருடன் உள்ளே நுழைந்து, வரும் கடிதங்களைத் தானாகவே பிரித்து வேறிடத்துக்கு அனுப்பும் ஒரு வடிகட்டியை அமைத்திருந்தான். வியாபாரி தொலைபேசியில் அழைத்து, புதிய கணக்கில் பணம் போட்டுவிட்டதாகச் சொன்ன பிறகுதான் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். `Filters and Blocked Addresses` என்ற பகுதியில் இப்படி இருந்தது:

```
Matches: payment OR bank OR NEFT
Do this: Skip Inbox, Mark as read, Forward to ...
```

பணம் பற்றிய எந்தக் கடிதமும் அண்ணனின் கண்ணில் படாமல் திருடனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் எங்கள் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய வேறொரு முகவரியிலிருந்து, எங்கள் பில்லையே கணக்கு எண்ணை மாற்றி வியாபாரிக்கு அனுப்பியிருக்கிறான். வங்கிக் கணக்கு ஏன் மாறியது என்று வியாபாரி அண்ணனின் சரியான முகவரிக்கே எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியும் திருடனிடமே போய்ச் சேர்ந்து, அவனே பதிலும் எழுதியிருக்கிறான். கடவுச்சொல்லை மாற்றுவதால் வடிகட்டி அழிவதில்லை.

ஆகவே போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே, வந்த இணைப்பு எதையும் தொடாமல், `myaccount.google.com` என்று நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து, பாதுகாப்புப் பகுதியில் `Your devices` என்பதைத் திறந்து, உங்களுடையவை அல்லாத சாதனங்கள் அனைத்தையும் வெளியேற்றுங்கள். மீட்புத் தொலைபேசி எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அந்நிய எண் ஒன்று அங்கே இருந்தால், திருடன் நாளையே கணக்கை மீட்பதாகச் சொல்லித் திரும்பி வருவான். கணக்கை அணுக அனுமதி பெற்ற பிற செயலிகளில் அறியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். பிறகு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, வடிகட்டிகளையும், `Forwarding and POP/IMAP` பகுதியையும், `Accounts and Import` பகுதியில் உள்ள `Grant access to your account` என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கைபேசிச் செயலியை மட்டும் பார்த்துவிட்டு இந்த வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அதே கடவுச்சொல்லை வேறு தளங்களில் வைத்திருந்தால் அவற்றிலும் மாற்றவேண்டும்.

திருடன் முந்திக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றிவிட்டிருந்தால், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினி அல்லது கைபேசியிலிருந்து, வழக்கமான இடத்திலேயே இருந்துகொண்டு `g.co/recover` வழியாக முயலுங்கள். மீட்பு எண் மாற்றப்பட்டிருந்தாலும், 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் தரக்கூடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

பணம் போயிருந்தால், அனுப்பியவர் தம் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே அழைத்து, `cybercrime.gov.in` தளத்தில் புகாரைப் பதிவு செய்யவேண்டும். திருடனின் கணக்கிலிருந்து எடுக்கப்படாமல் மீதம் இருக்கும் தொகையை முடக்கி வைக்க அதுவே வழி. எங்கள் வியாபாரி புகார் கொடுத்தபோது பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய சிறு தொகை மட்டும் முடக்கத்தில் இருக்கிறது. வடிகட்டி தெரிந்த திரையின் படத்தையும் போலிக் கடிதங்களையும் அழிப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்ததால் அவற்றையும் புகாருடன் சேர்க்க முடிந்தது. இப்போது அண்ணன் வாடிக்கையாளர்கள் அனைவரையும் தொலைபேசியில் அழைத்து, கணக்கு எண் மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும் தம்முடைய பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்பும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார்.