ரெண்டரை நூலா, எட்டு எம்எம்மா: போட்டோவில் எதை நம்புவது?

கானாடுகாத்தான் பூர்வீக வீட்டில், வளவுத் தூணில் இருந்த இரும்புத் தாங்கியின் நட்டு ஒன்று தொலைந்துவிட்டது. அண்ணன் போல்ட்டைக் கழற்றி, ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினார். "தம்பி, எட்டு எம்எம்தான். ஆனா புது நட்டு ரெண்டு சுத்துல இறுகிப் போகுது."

இறுகத்தான் செய்யும். பழைய வீடுகளில் இந்தத் தடிமனுக்கு இரண்டு போல்ட்டுகள் வரும். ஒன்று நம் கடைக்காரர்கள் ரெண்டரை நூல் என்கிற 5/16 இஞ்சு விட்வொர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் அளவு, 7.94 மில்லிமீட்டர். இன்னொன்று மெட்ரிக் அளவான எம்8, சரியாக 8. இடையில் 0.06 மில்லிமீட்டர்தான்.

தடிமனை வைத்துப் படத்தில் இதைப் பிரிக்கவே முடியாது. போல்ட்டின் நடுப்பகுதி ஸ்கேலைவிட 4 மில்லிமீட்டர் உயரத்தில், கேமராவுக்கு அருகில் இருக்கிறது. ஒரு அடி தூரத்தில் எடுத்தால் அதனாலேயே ஒரு சதவீதத்துக்கு மேல் பெரிதாகத் தெரியும். நாம் தேடும் வித்தியாசமோ ஒரு சதவீதம்கூட இல்லை.

தலை ஓரளவு உதவும். அறுகோணத் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் மெட்ரிக் என்று சொல்லிவிடலாம். எதுவும் இல்லாத பழைய சதுரத் தலை இஞ்சு போல்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அதை உறுதி என்று நான் எடுக்கமாட்டேன். இடையில் யாராவது போல்ட்டையே மாற்றியிருக்கலாம்.

என் ஓட்டு மரைக்குத்தான். விட்வொர்த்தில் இஞ்சுக்கு 18 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.41 மில்லிமீட்டர். எம்8-இல் 1.25. இது சுமார் 13 சதவீத வித்தியாசம், சுமாரான படத்திலும் தெரிந்துவிடும். அண்ணனிடம் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, செல்போனை நேர் மேலே பிடித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். 20 மில்லிமீட்டர் நீளத்தில் மேடுகளை அல்ல, மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளை எண்ணினேன். மேடுகளை எண்ணினால் ஒன்று கூடிவிடும். எம்8 என்றால் 16 வரவேண்டும். வந்தது 14.

சரி, அமெரிக்க யுஎன்சி 5/16-க்கும் 18 மரைதானே? ஆமாம். அதன் மரைக்கோணம் 60 டிகிரி, விட்வொர்த்துக்கு 55. படத்தில் அதைப் பிரிப்பது கடினம். இந்த அளவில் ஒன்றின் நட்டு இன்னொன்றில் பெரும்பாலும் ஏறிவிடும், பாரம் தாங்காத இடத்துக்கு அது போதும். அரை இஞ்சில் மட்டும் விட்வொர்த் 12, யுஎன்சி 13. அங்கே எண்ணினாலே பிரிந்துவிடும்.

அப்புறம் அண்ணன் போல்ட்டையே காரைக்குடிக்கு எடுத்துப்போய், பழைய இரும்புக் கடையில் ரெண்டரை நூல் நட்டு கேட்டார். விரலாலேயே அடிவரை சுற்றி ஏறியதாம்.