அம்மாவின் பீரோவில் கிடந்த பாலிசி

சிங்கப்பூரிலிருந்து மயிலாடுதுறைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பீரோவில் ரேஷன் அட்டையைத் தேடியபோது, பிரித்தும் படிக்காமல் கிடந்த ஓர் உறை கிடைத்தது. "டெபாசிட்டைப் புதுப்பித்தேன்" என்று அம்மா தொலைபேசியில் சொன்ன ஒரு லட்சம், ஆண்டுக்கு ஒரு லட்சமாகப் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடாகி இருந்தது. அம்மாவுக்கு வயது 57.

முன்பெல்லாம் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, பாலிசியை வரிவரியாகப் படித்துக் காட்டுவார். இப்போது வங்கிக் கவுன்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாலிசியைத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள்.

நல்லவேளை, விரைவுத் தபால் உறையை அம்மா எறியவில்லை. அஞ்சல் முத்திரைப்படி, பாலிசி கைக்கு வந்து 21 நாள்தான். பாலிசி பிடிக்காவிட்டால் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற ஃப்ரீ லுக் காலம் என்று ஒன்று உண்டு. அது பாலிசி தொடங்கிய நாளிலிருந்து அல்ல, ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். அம்மாவுடன் வங்கிக்குப் போனால் ஊழியரோ, "15 நாள் முடிந்துவிட்டது சார்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். 15 நாள் என்பது பழைய விதி. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 30 ஆக்கிவிட்டது. அதைவிட ஆபத்து அந்தப் படிவம். அது பாலிசியை இடையில் முடித்துக்கொள்ளும் சரண்டர் படிவம்! முதல் ஆண்டு முடியும் முன் இதுபோன்ற பாலிசியைச் சரண்டர் செய்தால் ஒரு ரூபாயும் வராது. கையெழுத்துப் போட அம்மா பேனாவைத் திறந்தேவிட்டார். எனக்குக் கை நடுங்கியது.

சிங்கப்பூரில் இந்தக் காலம் 14 நாள்தான். ஆனால் பாலிசியைக் கையில் கொடுத்தபோதே அதை ஏஜெண்ட் எனக்குச் சொன்னார். இங்கே விதி அதைவிடத் தாராளமானது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மறுநாளே கும்பகோணத்தில் உள்ள காப்பீட்டு நிறுவனக் கிளைக்குப் போனோம். "ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்கிறேன், டெபாசிட் என்று சொல்லி விற்றார்கள், நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையவை அல்ல" என்று அம்மா தன் கையால் எழுதினார். அசல் பாலிசி, அடையாள அட்டை நகல், ரத்து செய்த காசோலை, உறையின் நகல் ஆகியவற்றை இணைத்தோம். கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "மேலாளர் வரட்டும்" என்று ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். பரவாயில்லை, அந்த முத்திரைதான் 22-ஆம் நாளுக்குச் சாட்சி.

விண்ணப்பம் கிடைத்த ஏழு நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆறாம் நாள் அம்மாவின் கணக்கில் 97,840 ரூபாய் வந்தது. பாலிசி தொடங்கியதிலிருந்து 38 நாள் உயிர்க்காப்புக்கு 810, மருத்துவப் பரிசோதனைக்கு 1,150, பத்து லட்சம் காப்புத் தொகைக்கு முத்திரைத்தாள் கட்டணம் 200 என்று பிடித்திருந்தார்கள். அம்மா அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போட்டார். இந்த முறை பாஸ்புக்கை நானே படித்துப் பார்த்தேன்.