மெஷின் இல்லாமல் லேசான ஸ்லீப் ஆப்னியா: வாய்க் கிளிப்பும் முதுகுப் பட்டையும் ஓராண்டுப் பயன்பாட்டில்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. அதற்கான ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லாரும் பார்ப்பது ஏ.ஹெச்.ஐ. என்ற ஒரே எண்ணைத்தான். ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதன் கணக்கு அது. 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது. ஆனால் மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷின் வேண்டாம் என்று நினைப்பவர் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள வரியை: மல்லாக்கப் படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு.

எடுத்துக்காட்டாக, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காய்கறி வேன் ஓட்டும் 46 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஏ.ஹெச்.ஐ. 12. தூங்கியது 7 மணி நேரம். அதில் மல்லாக்க 3 மணி நேரம், மணிக்கு 24 அடைப்பு. ஒருக்களித்து 4 மணி நேரம், மணிக்கு 3. மொத்தம் 72-ம் 12-ம் சேர்ந்து 84, அதை 7-ஆல் வகுத்தால் 12. மல்லாக்க வரும் எண், ஒருக்களித்து வருவதைப்போல இரண்டு மடங்காவது இருந்தால் அது படுக்கும் நிலையைச் சார்ந்த ஆப்னியா. இவருக்கு எட்டு மடங்கு. மல்லாக்கப் படுக்கும் நேரத்தை அரை மணியாகக் குறைத்தாலே அடைப்புகள் 31.5 ஆகிவிடும், ஏ.ஹெச்.ஐ. 4.5. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பவருக்கு, மல்லாக்கத் திரும்பாமல் தடுக்கும் முதுகுப் பட்டையால் பயன் இராது.

மெஷினைவிட மலிவு என்று முதலில் பட்டைக்குத்தான் எல்லாரும் போவார்கள். பனியன் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய வழி. பந்து பக்கவாட்டில் நழுவும், உருண்டதும் தூக்கம் கலையும். சில மாதங்களில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே கெட்டியான ஃபோம் கட்டை நிற்கும் பட்டை இதைவிட மேல். மார்பிலோ கழுத்திலோ கட்டும் அதிர்வுக் கருவி இன்னும் மேல், ஏனென்றால் அது உடலைத் தடுப்பதில்லை, திரும்பும்வரை மெல்ல அதிர்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் ஃபோம் பட்டை நனைந்து ஒட்டும், நள்ளிரவில் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஏற்காட்டில் அந்தத் தொல்லை இல்லை; அங்கே கனமான போர்வை இறுகச் சுற்றிக்கொண்டால் உடம்பு எளிதில் திரும்பாது.

இதில் பலர் கோட்டைவிடுவது தலையணையில். பாயில் ஒருக்களித்துப் படுத்தால் தோளில் முழு எடையும் இறங்கும். அந்த வலி தாங்காமல்தான் உடம்பு தானாக மல்லாக்கத் திரும்புகிறது. இலவம்பஞ்சுத் தலையணை விடியற்காலைக்குள் அமுங்கித் தட்டையாகும், தலை சரியும். காதிலிருந்து தோள் நுனிவரை உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறு தலையணையும் வைத்தால் இடுப்பு முறுக்காது. இன்னொன்று: உடம்பு ஒருக்களித்திருந்தும் முகம் கூரையைப் பார்த்தால் தொண்டை அடைக்கலாம். ரிப்போர்ட் குறிப்பது பெரும்பாலும் மார்பின் நிலையை மட்டுமே, தலையின் நிலையை அல்ல.

இனி வாய்க் கிளிப். மேல் பல் வரிசைக்கு ஒன்றும் கீழ் வரிசைக்கு ஒன்றுமாக இரண்டு பிளேட். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து, நாக்கின் அடிப்பகுதி தொண்டையில் விழாமல் பார்த்துக்கொள்ளும். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் ரெடிமேட் கிளிப்பை ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. பிடி தளரும், தூக்கத்தில் கழன்று கிடக்கும், முன்னால் தள்ளும் அளவைப் படிப்படியாகக் கூட்டுவதும் கடினம். பல் மருத்துவர் அளவெடுத்து, லேபில் செய்து, பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ வைத்த பிளேட்தான் வேண்டும். அதற்கு முன் சொத்தையை அடைத்து, ஈறு நோயைச் சரிசெய்துவிட வேண்டும். பிளேட் வந்தபிறகு ஒரு பல்லுக்கு கேப் போட்டால் பிளேட் உட்காராது. ஆடும் பல், போதுமான பல் இல்லாத வாய், ஏற்கெனவே தாடை மூட்டு வலி என்றால் இது சரிப்படாது.

நம் ஓட்டுநரின் தாடை பின்கோடியிலிருந்து முன்கோடிவரை 10 மில்லிமீட்டர் நகர்கிறது. தொடக்கம் 6 மில்லிமீட்டரில். ஸ்க்ரூவின் ஒரு திருப்பு 0.25 மில்லிமீட்டர் என்றால், நான்கு நாளைக்கு ஒரு திருப்பு, இரண்டு பக்கமும் சமமாக. எட்டுத் திருப்பில், அதாவது ஒரு மாதத்தில், 8-க்கு வருவார். சில தயாரிப்புகளில் ஒரு திருப்பு 0.1 மட்டுமே; அதனால் எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் திருகியதற்கு அடையாளம், காலையில் ஒரு காதுக்கு முன்னால் மட்டும் வலி. இவருக்கு 8-இல் காலை வலி மதியம்வரை நீடித்ததால், இரண்டு திருப்பு பின்வாங்கி 7.5-இல் நிறுத்தினார். முதல் சில வாரம் எச்சில் வழிவதும், காலையில் பல் கூசுவதும் பெரும்பாலோருக்கு வரும், அடங்கும்.

சுத்தம் செய்வதில் இரண்டு தவறுகள் பிளேட்டைக் கெடுக்கும். வெந்நீர் அதை வளைக்கும். டூத்பேஸ்ட் கீறல் போடும். மென்மையான பிரஷும் சோப்பும் குளிர்ந்த நீரும் போதும். போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படிவு ஏறும். வாரம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் கரையும். மே மாதத்தில் வேன் டேஷ்போர்டில் மறந்து வைத்த பிளேட் திரும்பப் பழைய அச்சுக்கு வராது.

நீண்ட காலத்தில் கவனிக்க வேண்டியது கடி மாறுவது. ஆண்டுகள் போகப்போக மேல் முன்பற்கள் சற்றே பின்னும் கீழ்ப்பற்கள் முன்னும் சாயும். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று தொடாமல் போகலாம். தட்டுவடை செட் முன்புபோல் கடைவாயில் நொறுங்கவில்லை என்று தோன்றும்போது மாற்றம் ஏற்கெனவே நடந்திருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க: மாதம் ஒருமுறை, பிளேட்டைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து, நாட்காட்டித் தாளை விரலகலத்துக்குக் கிழித்து, கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்து இழுங்கள். தாள் கிழிந்தாலோ பிடிபட்டாலோ சரி. வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த மாதமும் அப்படியே என்றால், பல் மருத்துவரைப் பாருங்கள். பிளேட்டோடு ஒரு காலைக் கடிகட்டை கேட்டு வாங்கி, எழுந்ததும் பத்து நிமிடம் அதைக் கடித்துத் தாடையைப் பழைய இடத்துக்குத் திருப்புவது இதைக் குறைக்க உதவும்.

குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சத்தம் போனாலும் அடைப்பு நிற்காமல் இருக்கலாம். பிளேட் அளவு நிலைத்தபின், அதைப் போட்டபடியே ஸ்லீப் ஸ்டடி மறுபடி செய்ய வேண்டும். ஓட்டுநரின் மறு ரிப்போர்ட்டில் மல்லாக்க 9, ஒருக்களித்து 2. முன்போல 3 மணி நேரம் மல்லாக்கப் படுத்தால் 27-ம் 8-ம் சேர்ந்து 35, ஏ.ஹெச்.ஐ. 5, எல்லையிலேயே நிற்கிறது. பட்டையும் சேர்த்து மல்லாக்க நேரம் அரை மணி ஆனால் 2.5. பிளேட்டைத் தினமும் போட்டு, பட்டையை வெயில் குறைந்த மாதங்களில் கட்டினால் இவருக்குப் போதும். அந்த மறு ரிப்போர்ட் வரும்வரை, பகலில் கண்ணைச் சொருகும் எவரும் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம். உடல் எடை கூடினாலும், மறுபடி பகல் தூக்கம் வந்தாலும், அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.