வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மன்னிப்பு எழுதித் தருபவர்களிடம் போகாதீர்கள்

பணம் போனது பெரிதில்லை. பதினைந்து ஆண்டுப் பழக்கம் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பழைய அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், ஆனால் கண்ணில் மறைப்பு போட்டிருப்பார்கள், தனியாக வரக்கூடாது. நான்கு மணிக்கு வந்து அழைத்துப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டவன் நான். போகவில்லை. அலுவலகக் கூட்டம் நீண்டது, கைபேசி அணைந்திருந்தது, நான் எழுந்து வரவில்லை. ஆறு மணி வரை மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் உதவியோடு வாடகை வண்டி பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அன்றிரவும் மறுநாளும் அழைத்தேன். எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று அறுபது வார்த்தையில் ஒன்றை எழுதி வைத்தேன். அனுப்பத் துணிவு வரவில்லை. அப்போதுதான் உறவுகளைச் சரிசெய்யும் மன்னிப்புக் கடிதங்களை எழுதித் தருவதாகச் சொல்லும் ஒரு சேவை இணையத்தில் கண்ணில் பட்டது. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தக் கணக்கைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நிரப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. பதினொரு கட்டங்கள். அன்று உங்களுக்கு என்னென்ன இடைஞ்சல்கள்? உங்கள் தரப்பு நியாயம் என்ன? இதற்கு முன் அவருக்கு நீங்கள் செய்த உதவிகள் என்ன? எதிர்த்தரப்பைப் பற்றி ஒரே ஒரு கட்டம், அதுவும் அவருடைய பெயருக்காக. நானும் ஆசை தீர நிரப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் பக்கத்தைச் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் பேனா ஓடாது?

அறுபது வார்த்தை 318 ஆகித் திரும்பி வந்தது. அதிலிருந்து ஒரு பகுதி:

“அக்கா, என் மீது நீங்கள் கோபமாக இருப்பீர்கள் என்று தெரியும். ஆனால் அன்று நடந்ததை நீங்கள் முழுமையாக அறிந்தால் புரிந்துகொள்வீர்கள். மூன்று மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் எதிர்பாராத விதமாக நீண்டுவிட்டது. மேலாளர் யாரையும் வெளியே விடும் மனநிலையில் இல்லை. நான்கே காலுக்குத் தேநீர் இடைவேளை விட்டபோதும் அவர் என்னிடமே பேசிக்கொண்டிருந்தார். பேட்டரி தீர்ந்துபோனதால் தகவல் தெரிவிக்க இயலாமல் போய்விட்டது. உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும். நான் உங்களை எவ்வளவு மதிப்பவன் என்பது கடந்த ஆண்டு நீங்கள் வீடு மாறியபோது...”

இப்படியே போகும். படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. என் வழக்கறிஞர் நன்றாக வாதாடிவிட்டார் என்கிற நிறைவு. அனுப்பிவிட்டேன்.

அறுவை முடிந்து இரண்டாம் நாள், கண் கூசும் ஒருவருக்கு 318 வார்த்தை. அவரால் படிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். என் பேட்டரி, என் மேலாளர், நான் அவருக்குப் பெட்டி தூக்கிய கதை எல்லாம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் குரலில் அவர் காதில் விழுந்திருக்கிறது. பதில் மாலையில் வந்தது: “தேநீர் இடைவேளை விட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாயே தம்பி. பக்கத்தில் இருந்தவரிடம் போன் வாங்கி ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?”

ஏழெட்டுக் காரணம் சொன்னேன். அதில் மிக இளைத்ததை எடுத்துக் கேட்டுவிட்டார். காரணங்களை அடுக்குவதில் உள்ள ஆபத்து இதுதான். ஐந்து நல்ல காரணத்தோடு ஒரு நொண்டிக் காரணம் சேர்ந்தால் மொத்தமும் நொண்டும். காரணத்தைச் சொன்ன உடனே கேட்பவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். அவர் காயப்பட்டவர், தீர்ப்பு எழுதும் வேலையையும் அவர் தலையில் கட்டுகிறோம். இடைவேளை பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்காத குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லி, குற்றச்சாட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அந்தச் செய்தியை எதிரில் வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக, எது யாரைப் பற்றியது என்று குறித்தேன். இருபத்து மூன்று வாக்கியங்களில் பத்தொன்பது என்னைப் பற்றி. மீதி நான்கிலும் அவர் வருவது கோபப்படுபவராக, புரிந்துகொள்ள வேண்டியவராக. கண்ணில் மறைப்போடு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷி அந்தச் செய்தியில் எங்குமே இல்லை.

வினைச்சொற்களைப் பார்த்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. கூட்டம் நீண்டுவிட்டது, பேட்டரி தீர்ந்துபோனது, இயலாமல் போய்விட்டது. எல்லாம் தானாகவே நடந்திருக்கிறது, நான் எதுவுமே செய்யவில்லை. நம் மொழியில் இந்த வசதி ஏராளம். ‘தாமதம் ஆகிவிட்டது’ என்றால் செய்தவன் மறைந்துவிடுவான். ‘தாமதம் செய்தேன்’ என்றால்தான் ஆள் வெளியே வருவான். ‘புண்பட்டிருந்தால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ இன்னும் மோசம். புண்பட்டாரா இல்லையா என்பதையே அது சந்தேகத்தில் நிறுத்துகிறது. ‘ஆனால்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு முன்னால் வந்ததை எல்லாம் அது அழித்துவிட்டுப் போய்விடும்.

சேவைக்காரரிடம் முறையிட்டேன். அவர்கள் அனுப்பிய மன்னிப்பு என்னுடையதைவிட நீளம்! எழுத்தாளர் பற்றாக்குறை, படிவத்தில் நான் தந்த தகவலின் தன்மை, திருப்தியடைந்த பிற வாடிக்கையாளர்கள் என்று போயிற்று. முடிவில், கூடுதல் கட்டணம் இல்லாமல் ‘சுருக்கப் பதிப்பு’ ஒன்று:

“ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நேராது.”

பராமரிப்புப் பணிக்காகக் குடிநீரை நிறுத்தும்போது ஒட்டும் அறிவிப்பு மாதிரி இருந்தது. நல்லவேளை, இதை அனுப்பவில்லை. நீளமான செய்தி கெடுதல் என்றவுடன் பலரும் இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், அதனால் இது ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்த வார்த்தை என்பதால் அல்ல. இதில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் வேறு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால். அக்கா இல்லை, நான்கு மணி இல்லை, வாசல் இல்லை. ‘சிரமம்’ என்ற பொதுச்சொல்லின் மேல் ஒரு வருத்தம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். நம் மொழியில் சூடு இருப்பது விளிப்பிலும் விவரத்திலும். எப்போதும் கூப்பிடும் பெயரில் கூப்பிட்டு, அவருக்கு நேர்ந்ததை அவர் பக்கத்திலிருந்து ஒரு வரியில் சொன்னால், ஐந்து வரிச் செய்தியும் வெதுவெதுப்பாக இருக்கும்.

ராய் லெவிக்கி என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மன்னிப்பின் ஆறு கூறுகளைத் தனித்தனியே எடுத்துச் சோதித்தார்கள். மிக அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது. அடுத்தது, சரிசெய்ய முன்வருவது. விளக்கம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது. ‘மன்னித்துவிடுங்கள்’ என்று கேட்பது கடைசி. விளக்கமே கூடாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் என் 318 வார்த்தையில் முதல் இரண்டும் அறவே இல்லை.

ஐந்தாம் நாள் நானே எழுதினேன். முதலில் மனதில் இருந்ததை எல்லாம் குறிப்பேட்டில் கொட்டினேன், அது யாருக்கும் போகாது என்ற நிம்மதியில். பிறகு அவர் கேட்காத கேள்விக்குப் பதிலாக இருந்த வாக்கியங்களை அடித்தேன். முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. நான் செய்த பழைய உதவிகள் அனைத்தும் போயின. மன்னிப்புக்குள் பற்றுவரவுக் கணக்கு வைக்கக்கூடாது. காரணத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அதையும் பொறுப்பை ஏற்ற வரிக்குப் பின்னால், என் செயலாகவே மாற்றி. கூட்டம் நீண்டது என்று எழுதவில்லை, நான் எழுந்து வரவில்லை என்று எழுதினேன்.

“அக்கா, நான்கு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வரவில்லை. அழைத்துச் சொல்லவும் இல்லை. கண்ணில் மறைப்போடு இரண்டு மணி நேரம் வாசலில் உங்களை உட்கார வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. கூட்டத்திலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும், எழவில்லை. அடுத்த பரிசோதனைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். வேறு யாரையாவது அழைத்துக்கொள்ள விரும்பினால் அதுவும் சரி. பதில் எழுத வேண்டாம், கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.”

நாற்பத்தைந்து வார்த்தை. கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் நெடுநேரம் நின்றேன். ‘கண்டிப்பாக நான்தான் வருவேன்’ என்று எழுதினால் அது பரிகாரம் போலத் தெரியும், உண்மையில் கட்டாயம். மறுக்கும் வழியை அவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. பதில் வேண்டாம் என்றதும் அப்படித்தான். பதிலை எதிர்பார்த்து நிற்கும் மன்னிப்பு, மன்னிப்பு கேட்டவனைத் தேற்றும் வேலையை எதிரில் இருப்பவருக்குத் தந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளக்கம் அவருக்குத் தேவைப்படும் இடங்களும் உண்டு. அவருடைய பணம் எங்கே போனது, கோப்பு யார் கையில் இருக்கிறது, மறுபடியும் இது நடக்குமா என்பவை அவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்கள். ஒளித்தால் அது இன்னொரு தப்பு. அவற்றை மன்னிப்போடு குழைக்காமல் தனிச் செய்தியாக அனுப்புங்கள். தகவலா சாக்கா என்று குழப்பமாக இருந்தால், அந்த வாக்கியத்தை வைத்து அவர் ஏதாவது முடிவெடுக்க முடியுமா என்று பாருங்கள். என் பேட்டரி தீர்ந்ததை வைத்து அக்கா என்ன முடிவெடுப்பார்?

அந்தச் சேவையிடம் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். 318 வார்த்தையும் சரியாக ஒப்படைக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. படிவம் என்ன கேட்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். பதினொரு கட்டத்தில் பத்தும் உங்களைப் பற்றியே கேட்டால் வரப்போவது மன்னிப்பு அல்ல.

அக்காவின் பதில் மூன்று நாள் கழித்து வந்தது: “வியாழக்கிழமை ஒன்பதரை. போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வா.”

எட்டே முக்காலுக்கே போய் நின்றேன். வண்டியில் போகும்போது, “அன்றைக்கு உண்மையிலேயே என்னதான் நடந்தது?” என்று அவரே கேட்டார். மேலாளரில் தொடங்கி முழுக்கதையையும் சொன்னேன், கால் மணி நேரம். தேநீர் இடைவேளைக்கு வந்தபோது மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார். “அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.”