பினாங்கில் விற்ற தமிழ்நாட்டு மனை: அந்த 732 எங்கிருந்து வந்தது?

ஊருக்குப் போனால் நாசி கண்டார், கர்னி டிரைவ், பழைய பள்ளித் தோழிகள் என்று எழுதுவதுதான் வழக்கம். அதெல்லாம் நன்றாகவே நடந்தது, விட்டுவிடலாம். இந்த முறை என் மண்டையைக் குடைந்தது ஒரு துண்டுத்தாள்.

ஜார்ஜ்டவுனில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் தமிழ்நாட்டு வீட்டுமனைக் கண்காட்சி. சித்தப்பாவுக்கு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடைத்த நாளிலிருந்தே தாத்தா ஊர்ப் பக்கம் ஒரு மனை வாங்க ஆசை. விவசாய நிலம் வாங்க அந்த அட்டை உதவாது, வீட்டுமனை வாங்கலாம். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

தாளில் இருந்தது இது: "5 சென்ட் (1 கிரவுண்டு), 2400 சதுர அடி, 732 சதுர மீட்டர், விலை 28.80 லட்சம் ரூபாய்." மறுபக்கம் மலாயில். அங்கே சென்ட் "5 சென்" ஆகியிருந்தது. ஐந்து காசுக்கு நிலமா என்று சித்தப்பா ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இருக்கும் மெல்பர்னில் மனை விளம்பரம் சதுர மீட்டரில்தான் வரும். 732 என்றால் முன்னும் பின்னும் தோட்டம் விட்டுக் கட்டலாம், அவ்வளவு பெரிசு. கிரவுண்டு அவ்வளவு பெரிசில்லையே என்று உறுத்தியது. கவுண்டரில் இருந்த தம்பியிடம் கேட்டால், "மேடம், கம்ப்யூட்டர்ல போட்டது, தப்பா வராது" என்கிறார். மெல்பர்னில் இப்படிச் சொன்னால் மேலாளரைக் கூப்பிடச் சொல்வோம். இங்கே தேத்தாரே கொடுத்து உட்கார வைக்கிறார்கள்!

சித்தப்பா வீட்டு கிரானை, அதாவது நிலப் பத்திரத்தை, வைத்தே கணக்கைப் பிடித்தோம். அவருடையது 22க்கு 75 அடி வரிசை வீடு, அதாவது 1650 சதுர அடி. கிரானில் 153 சதுர மீட்டர் என்று இருக்கிறது. 1650ஐ 153ஆல் வகுத்தால் 10.8 வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி, ஆகவே சரி. இப்போது தாளில் உள்ள 2400ஐ 732ஆல் வகுத்தால் வருவது 3.28. அது ஒரு மீட்டர் நீளத்துக்கு உள்ள அடிக்கணக்கு. பரப்பை நீளத்தின் எண்ணால் வகுத்திருக்கிறார்கள். ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். சித்தப்பா வீட்டு மனையைப் போல் ஒன்றரை மடங்குகூட இல்லை; தாளை நம்பினால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

தம்பி உடனே ஒப்புக்கொண்டார். "பிரிண்டிங் மிஸ்டேக், மேடம். நிலம் அதே நிலம்தானே." அதுவும் இல்லை என்பதுதான் அடுத்த சங்கதி. ஏக்கருக்கு நூறு சென்ட், ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே சென்ட் ஒன்றுக்கு 435.6. ஐந்து சென்ட் 2178 சதுர அடி. கிரவுண்டு 2400, அதாவது ஐந்தரை சென்ட். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் 222 சதுர அடி காற்றில் நிற்கிறது. சதுர அடி 1200 ரூபாய் என்பது அவர்கள் விலை. அப்படியென்றால் 2,66,400 ரூபாய் இல்லாத நிலத்துக்கு. மீட்டர் பிழை கண்ணைக் குத்துகிறது, யாராவது பிடித்துவிடுவார்கள். இந்த அரை சென்ட்தான் சத்தமில்லாமல் பத்திரம் வரை போய்விடும்.

அளவுகள் பல இருப்பது எங்களுக்குப் புதிதா என்ன! செபராங் பிறையில் பெரியம்மா வீட்டார் நெல்வயலை ரெலோங்கில்தான் இன்றும் சொல்வார்கள், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அங்கே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது ஒரே ரெலோங்.

சண்டை போடாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: "தம்பி, மனைக்குத் தனிப்பட்டா இருந்தால் நகல் அனுப்புங்கள்." பட்டாவில் சென்டும் இருக்காது, கிரவுண்டும் இருக்காது. ஹெக்டேர், ஏர் என்றுதான் பரப்பு இருக்கும். ஒரு ஏர் நூறு சதுர மீட்டர். ஆகவே முழு கிரவுண்டு என்றால் 2.23 ஏர் வர வேண்டும், ஐந்து சென்ட் என்றால் 2.02.

நகல் வாட்சப்பில் வந்தது. பரப்பு 0 – 2.02. சித்தப்பா பேசுவதெல்லாம் இப்போது 26,13,600 ரூபாய்தான், அதற்கு மேல் ஒரு காசு தர மாட்டாராம். அந்தத் தம்பி முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.